படுத்தால் மூச்சு முட்டியது: ஒரே இதயம், இரண்டு பிரசவங்கள்

குழந்தை பிறந்து 12 நாள் ஆகியிருந்தது. கிராம சுகாதார செவிலியர் வழக்கமான வீட்டுப் பார்வைக்குப் போனபோது, தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்மூடிக் கிடந்தார். நான்கு இரவாக அப்படித்தான் தூக்கம். "பச்சை உடம்பும்மா, வாடைக் காத்து பட்டுச் சளி பிடிச்சிருக்கு" என்றார் அவருடைய அம்மா. செவிலியர் சளியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "கொஞ்சம் மல்லாக்கப் படு தாயி, பாப்போம்" என்றார். படுத்த ஒரு நிமிடத்துக்குள் இருமல் வந்தது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர்." நாடித்துடிப்பு 128. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 90 என்று காட்டியது. செவிலியர் அங்கிருந்தே 108ஐ அழைத்தார்.

நான் பணிபுரியும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்த கதை இது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களின் போக்கை மாற்றவில்லை. இதே பெண்ணை நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டாவது கர்ப்பத்திலும் பார்த்தோம். முதல் முறை இதய நோயே இல்லாமல் கர்ப்பம் தரித்து இதய நோயாளியாக வீடு திரும்பினார். இரண்டாம் முறை இதய நோயாளியாகவே கர்ப்பம் தரித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நோயின் முழு உருவம் புரியும்.

அப்போது அவருக்கு 27 வயது. கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வந்து, 37ஆவது வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவைத்துச் சுகப்பிரசவம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். ஆறாம் நாள் கால் வீக்கம் மறுபடி வந்தது. எட்டாம் நாள் இருமலுக்காக ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். சால்பூட்டமால் புகை வைத்து, இருமல் டானிக் கொடுத்து, "அசதியா இருக்கு" என்றதற்கு ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அன்று இரவுதான் முதன்முறையாகப் படுக்க முடியாமல் போனது. பலவீனமான இதயத்துக்கு இந்த இரண்டும் எதிரானவை. சால்பூட்டமால் துடிப்பை வேகப்படுத்தும். ஏற்றிய திரவம் நேரே நுரையீரலில் போய்த் தேங்கும். அந்த மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிரசவித்த பெண்ணுக்கு இருமல் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கும் முதலில் சளிதான் தோன்றுகிறது. தாமதம் தொடங்கும் இடமும் அதுதான்.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது இயல்பு என்பதால் குழப்பம் கூடுகிறது. அந்த இயல்பான மூச்சிரைப்பு நடு மாதங்களிலேயே மெல்லத் தொடங்கும், வேலையை நிறுத்தினால் அடங்கும், குழந்தை பிறந்ததும் குறையும். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வருவதும், நாளுக்கு நாள் ஏறுவதும், படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறைவதும் வேறு வகை. நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுந்து ஜன்னலைத் திறப்பது, சளியே வராத வறட்டு இருமல் படுக்கையில் மட்டும் வருவது, வடிய வேண்டிய கால் வீக்கம் திரும்ப ஏறுவது ஆகியவை இதயத்தைச் சுட்டும். ஓய்வாக இருக்கும்போதே நாடி 110ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 95க்குக் கீழே இருந்தாலோ, அதைப் 'பச்சை உடம்பு' என்று ஒதுக்கக் கூடாது. "எத்தனை தலகாணி வெச்சுத் தூங்குறீங்க?" என்ற கேள்விக்குக் காசு செலவில்லை. நான் இதுவரை பார்த்த நோயாளிகளில் அந்தக் கேள்வி முன்பே கேட்கப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலர்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவரை நாங்கள் படுக்க வைக்கவே இல்லை. நிமிர்த்திய கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்தோம். மூச்சு நிமிடத்துக்கு 34. ரத்த அழுத்தம் 130/90. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரு நுரையீரல்களின் அடியிலும் கரகரப்பு. இதயத்தில் குதிரை ஓடுவது போன்ற மூன்றாவது ஒலி. இ.சி.ஜி.யில் வேகமான துடிப்பைத் தவிர மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகி, நுரையீரல் நீர்கோத்து வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 9.6. இந்த அளவு ரத்தசோகை மூச்சுத்திணறலைக் கூட்டும். தனியாக நின்று இந்த நிலையை உண்டாக்காது. ரத்தசோகையைக் கண்டுபிடித்த திருப்தியில் தேடலை நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

விடை எக்கோவில் இருந்தது. இடது கீழறை விரிந்து 58 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. நோயாளிகளும் நாங்களும் பேச்சில் 'பம்பிங்' என்று சொல்லும் அளவு, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது, 28 சதவீதம். நல்ல இதயத்தில் இது 55ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். வால்வுகள் சுத்தமாக இருந்தன. அறைக்குள் ரத்தக்கட்டி இல்லை.

வால்வைப் பார்ப்பது நம் ஊரில் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இங்கே சொல்லியாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி இதய நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென நடத்திய பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் உண்டு. அதில் முதலிடம் ருமாட்டிக் வால்வு நோய்க்குத்தான். சிறுவயதில் வந்த காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கி வைத்திருக்கும். பெண்ணுக்கே அது தெரியாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடி, துடிப்பும் வேகமெடுக்கும்போது அது வெளிப்படும். அந்தப் பெண்ணும் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றுதான் வருவார். ஆனால் அவருடைய பம்பிங் நன்றாகவே இருக்கும். சிக்கல் வாசலில் இருக்கிறது. துடிப்பைக் குறைத்து, சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் கொடுத்தாலே பாதித் திணறல் தீரும். தீராவிட்டால், 20ஆவது வாரத்துக்குப் பிறகு பலூன் வைத்து வால்வை விரிக்கலாம். எங்கள் நோயாளிக்கு வாசல் சரி, தசைதான் சோர்ந்துவிட்டது. திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவருக்கு அவசரமாகத் துடிப்பைக் குறைத்திருந்தால் அதிர்ச்சி நிலைக்குப் போயிருப்பார், ஏனென்றால் அந்த வேகத் துடிப்புதான் அப்போது அவருடைய ரத்த ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோய்களுக்கும் முதல் மணி நேர மருந்து வேறு. எக்கோ இல்லாமல் ஊகித்துச் சிகிச்சை செய்ய முடியாது.

கர்ப்பத்தின் கடைசிக் காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலோ, வேறு காரணம் எதுவும் இல்லாமல் பம்பிங் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கி இதயம் செயலிழந்தால் அதைப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி, பிரசவகால இதயத்தசை நோய், என்கிறோம். 'வேறு காரணம் இல்லாமல்' என்பதுதான் அந்த வரையறையின் உயிர். நுரையீரலில் ரத்தக்கட்டி, மாரடைப்பு, தைராய்டு, கிருமித்தொற்று என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்தப் பெயரை வழக்குத்தாளில் எழுதினோம்.

ஏன் வருகிறது என்பதில் உறுதியான ஓர் இழை 2007இல் கிடைத்தது. ஜெர்மனியின் ஹனோவரில் டெனிஸ் ஹில்ஃபிகர்-கிளைனரின் குழு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சில பெண்களில் துண்டாக உடைவதையும், அந்தச் சிறு துண்டு இதயத்தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களை அழிப்பதையும் காட்டியது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி சிறுநீரில் புரதம் வரும் முன்சூல்வலிப்பு உள்ளவர்களுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இன்னொரு பொருளும் அதே குழாய்களைத் தாக்குகிறது. எங்கள் நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது தற்செயல் அல்ல. இரட்டைக் குழந்தை, 30ஐத் தாண்டிய வயது, பல பிரசவங்கள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். சிலருக்குத் தசைப் புரத மரபணுவில் பிறவிக் குறையும் இருக்கிறது. பிரசவம் அதை வெளிக்கொண்டு வருகிறது.

முதல் இரவில் செய்தவை எளிமையானவை. முகமூடி வழியே அழுத்தத்துடன் ஆக்சிஜன், உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் 40 மில்லிகிராம் நரம்பில், ரத்த அழுத்தம் இடம் கொடுத்ததால் நைட்ரோகிளிசரின் சொட்டு. நான்கு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சிறுநீர் பிரிந்தது. விடியும்போது முகமூடியைக் கழற்றிவிட்டு, "குழந்தை எங்க?" என்று கேட்டார். நுரையீரல் காய்ந்த பிறகு, இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாப்ரிலை 2.5 மில்லிகிராமில் தொடங்கினோம், ஸ்பைரோனோலாக்டோன் 25 சேர்த்தோம், நிலை சீரானபின் நான்காம் நாள், துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் 12.5. குழந்தை பிறந்துவிட்டதால் இவற்றைக் கொடுக்க முடிந்தது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது எனலாப்ரில் வகை மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது ஹைட்ரலசினும் நைட்ரேட்டும்தான். பம்பிங் 35க்குக் கீழ் இருந்ததால் ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபாரின் ஊசியும் போட்டோம். பிரசவித்த உடலில் ரத்தம் எளிதில் உறையும். சோர்ந்த இதயத்தில் ரத்தம் தேங்கும். இரண்டும் சேர்ந்தால் கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாம்.

கடினமான பேச்சு புரோமோகிரிப்டின் பற்றியது. புரோலாக்டினை நிறுத்தும் மாத்திரை அது. கூடவே தாய்ப்பாலும் நின்றுவிடும். ஜெர்மனியில் 63 பெண்களிடம் ஒரு வாரம் கொடுப்பதையும் எட்டு வாரம் கொடுப்பதையும் ஒப்பிட்டு 2017இல் முடிவு வெளியிட்டார்கள். இரு பிரிவினரும் நன்றாகத் தேறினார்கள். ஆனால் மாத்திரையே கொடுக்காத பிரிவு அதில் இல்லை. ஆக அது உதவும் என்று நம்ப இடமுண்டு, நிரூபணம் முழுமையில்லை. மறுபுறம், 12 நாள் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது நல்ல தண்ணீர் கிடைக்காத ஒரு வீட்டில் சிறிய விஷயம் இல்லை. பம்பிங் 28 என்பதையும் குழந்தை எடை நன்றாக இருந்ததையும் வைத்து, தினம் 2.5 மில்லிகிராம் ஒரு வாரம் என்று முடிவு செய்தோம். அவர் அழுதார். பால் மாவைக் கொதித்து ஆறிய நீரில் கலக்க மாமியாருக்குச் செவிலியர்கள் மூன்று நாள் செய்து காட்டினார்கள். இந்த மாத்திரை ரத்தக்கட்டி ஆபத்தையும் கூட்டும் என்பதால், எனாக்ஸபாரின் இல்லாமல் இதைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகே தொடங்கினோம்.

ஆறு வாரத்தில் பம்பிங் 38. ஆறு மாதத்தில் 48. ஓராண்டில் 55. அமெரிக்காவில் 100 பெண்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வில் 72 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் 50ஐத் தொட்டார்கள். தொடக்கத்திலேயே 30க்குக் கீழும் கீழறை 60 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தும் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தொடவில்லை. எங்கள் நோயாளி 28இல் இருந்தாலும் அறை 58இல் நின்றது. அந்த இரண்டு மில்லிமீட்டரை நான் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். இன்னும் ஒரு வாரம் சளி மருந்தில் போயிருந்தால் அது நிலைத்திருக்குமா என்று சொல்ல முடியாது.

ஆறாவது வாரத்தில் காப்பர் டி வைத்தோம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இவருக்கு ஆகாது, ரத்தக்கட்டி ஆபத்து அதிலும் உண்டு.

மூன்றாம் ஆண்டு கணவருடன் வந்து, "இன்னொண்ணு பெத்துக்கலாமா டாக்டர்?" என்றார். கருத்தரிக்கும் முன்பே வந்து கேட்டார் என்பதற்காக அன்று அவரை மனதாரப் பாராட்டினேன். நாள் தள்ளிப்போன பிறகு வருபவர்களிடம் பேச வழி குறைவு. அவரிடம் எண்களை மறைக்கவில்லை. 2001இல் வெளியான, இந்நோய் வந்து மீண்டும் கர்ப்பமான 44 பெண்களைப் பற்றிய ஆய்வில், பம்பிங் முழுதாகத் திரும்பியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி இதயச் செயலிழப்பு வந்தது, யாரும் இறக்கவில்லை. முழுதாகத் திரும்பாதவர்களில் 44 சதவீதம் பேருக்கு வந்தது, 19 சதவீதம் பேர் இறந்தார்கள். பம்பிங் திரும்பாத பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டை ஒட்டிய அட்டவணை நான்காம் வகுப்பு என்கிறது, அதாவது கர்ப்பமே வேண்டாம். திரும்பியவருக்கு மூன்றாம் வகுப்பு. ஆபத்து அதிகம், ஆனாலும் நிபுணர் கவனிப்பில் முயலலாம்.

இங்கே ஒரு நுட்பம். அவருடைய 55 சதவீதம் மாத்திரையோடு வந்த 55. எனலாப்ரிலைக் கர்ப்பத்தில் கொடுக்க முடியாது என்பதால், அது இல்லாமல் இதயம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அனுமதி சொல்ல முடியும். எனலாப்ரிலையும் ஸ்பைரோனோலாக்டோனையும் படிப்படியாக நிறுத்தினோம், மெட்டோபுரோலாலைத் தொடர்ந்தோம், மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்தோம். 54. அதன் பிறகே காப்பர் டியை எடுத்தார்கள். மருந்தை நிறுத்தியதும் 45க்கு இறங்கியிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது கர்ப்பத்தில் 12ஆவது வாரத்திலிருந்து முன்சூல்வலிப்பைத் தடுக்கச் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்தோம். மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், நான் மூவரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் வழக்குத்தாளைப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, அதோடு இதயத்தின் மீதான சுமையைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. இயல்பான கர்ப்பத்தில் அது பெரிதாக ஏறாது. 300ஐத் தாண்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். முதலில் 90 இருந்தது. 30ஆவது வாரத்தில் 640 ஆனது, எக்கோவில் பம்பிங் 46. அன்று அவரிடம் எந்தப் புகாரும் இல்லை. படியேறித்தான் என் அறைக்கு வந்தார். உடல் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே சோதனை சொன்னது. ஹைட்ரலசினும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் தொடங்கினோம், குறைந்த அளவு லாசிக்ஸ் சேர்த்தோம். மெட்டோபுரோலால் சிசுவின் வளர்ச்சியைச் சற்றே குறைக்கக்கூடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். 34ஆவது வாரத்திலும் 46இலேயே நின்றது. 34இலேயே எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. தாய் நிலையாக இருக்கும்போது குழந்தையைக் குறைமாதத்தில் எடுக்கக் காரணம் இல்லை என்று விட்டோம். ஆனால் அந்த வாரத்திலிருந்து அவரை வார்டிலேயே வைத்துக்கொண்டோம்.

இதய நோயாளி என்றதும் சிசேரியன்தான் பாதுகாப்பு என்று குடும்பத்தார் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் நினைக்கிறார்கள். சிசேரியனில் ரத்த இழப்பு கூடுதல், ரத்தக்கட்டி ஆபத்து கூடுதல், திரவ ஏற்ற இறக்கமும் கூடுதல். நிலையாக உள்ள தாய்க்கு வலியில்லாச் சுகப்பிரசவமே இதயத்துக்கு இலகு. 38ஆவது வாரத்தில் திட்டமிட்டு வலி வரவைத்தோம், காலையில், மூவரும் வளாகத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து. வலி தொடங்கியதுமே முதுகில் எபிடியூரல், சிறிது சிறிதாக. இடப்பக்கம் சாய்ந்த படுக்கை. தலை இறங்கும்வரை முக்கச் சொல்லவில்லை. கடைசியில் வேக்கம் வைத்து எடுத்தார்கள்.

வழக்குத்தாளின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தோம்: 'மெத்தில் எர்கோமெட்ரின் போடக் கூடாது.' பிரசவ அறையில் ரத்தப்போக்கை நிறுத்தக் கை தானாகப் போகும் ஊசிகளில் அது ஒன்று. ரத்தக்குழாய்களை இறுக்கி, அழுத்தத்தைச் சட்டென ஏற்றி, இதயத்தின் ரத்தக்குழாயையும் சுருக்கும். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினைக்கூட மொத்தமாக நரம்பில் தள்ளாமல் சிரிஞ்சு பம்பில் மெதுவாக விட்டோம். வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் சரிந்து துடிப்பு ஓடும். பணி மாறும் நேரத்தில் புதிதாக வந்த சிஸ்டர் அந்தச் சிவப்பு வரியை உரக்கப் படித்தது எனக்குக் கேட்டது.

குழந்தை வந்ததும் ஆபத்து முடிந்தது என்று எல்லோருக்கும் தோன்றும். சுருங்கும் கருப்பை தன்னிடமிருந்த ரத்தத்தை உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது, நசுங்கியிருந்த பெருஞ்சிரையும் விடுபடுகிறது. கால்களில் தேங்கிய நீரும் அடுத்த நாட்களில் ரத்தத்துக்குள் திரும்புகிறது. சோர்ந்த இதயம் தடுமாறுவது இந்த நேரத்தில்தான். அதனால் பிரசவம் முடிந்த அரை மணியில் லாசிக்ஸ் 20 போட்டு, 72 மணி நேரம் தீவிர கவனிப்பில் வைத்தோம். எனலாப்ரிலை இரண்டாம் நாள் மறுபடி தொடங்கினோம்.

புரோமோகிரிப்டின் பேச்சு திரும்ப வந்தது. சிலர் இத்தகைய தாய்க்குப் பிரசவம் ஆனதுமே அதைக் கொடுக்கிறார்கள். அவர் தலையசைத்து மறுத்தார். "மொதப் பிள்ளைக்குத்தான் குடுக்க முடியல. இவளுக்காவது குடுக்கிறேன் டாக்டர்." பம்பிங் 46இல் நிலையாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, மாத்திரைக்கான ஆதாரம் முழுமையில்லை. எனலாப்ரிலும் மெட்டோபுரோலாலும் பாலில் மிகக் குறைவாகவே போகும். ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் எக்கோ; 40க்கு இறங்கினால் மாத்திரை. சரியான முடிவுதானா என்று அந்த இரண்டு வாரமும் எனக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். மூன்று எக்கோவிலும் 46, 45, 48.

நம் அரசு மருத்துவமனைகளில் இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு பெண்ணுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்வது பழக்கம். இவருக்கு அந்த வாரத்தில் இன்னொரு மயக்க மருந்தும் அறுவையும் வேண்டாம் என்று தள்ளிவைத்தோம். எப்போது செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்றிருந்த கணவர் உள்ளே வந்தார். "அவ பட்டது போதும் சார். எனக்கே பண்ணிருங்க." அடுத்த மாதம் தழும்பில்லா வாசக்டமி செய்துகொண்டார். பலன் உறுதியாகத் தெரிய மூன்று மாதம் ஆகும் என்பதால், விந்துப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை ஆணுறை.

ஆறாம் மாதம் பம்பிங் 52. எனலாப்ரிலும் மெட்டோபுரோலாலும் தொடர்கின்றன. இந்த முறை அவற்றை நிறுத்திப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு எக்கோ. அடுத்தது வரும் தை மாதம்.